ஒன்பது பேர், மூணு படம்: கடைசி இடத்தை எண்ணுங்க

குரூப்பில் "ஞாயித்துக்கிழமை படம் போலாமா" என்று ஒருத்தர் போடுவார். ஒன்பது கட்டைவிரல் விழும். "எந்தப் படம்?" என்று அடுத்தவர் கேட்டதும் சண்டை தொடங்கும். உடனே யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு போல் போட்டுவிடுவார். ஆளுக்கு ஒரு ஓட்டு, அதிக ஓட்டு வாங்கின படம். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நண்பர்கள் சேர்ந்து படம் பார்க்கும் விஷயத்தில் இதைவிட மோசமான வழி இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

வேலூர் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியில் நாலு பேர், காட்பாடி காந்தி நகரில் மூணு பேர், குடியாத்தத்திலிருந்து ரெண்டு பேர். களத்தில் மூணு படம். ஒன்று பெரிய ஹீரோவின் மாஸ் படம். இன்னொன்று சப்டைட்டில் போட்ட மலையாள த்ரில்லர். மூணாவது குடும்பக் காமெடி.

சத்துவாச்சாரி நாலு பேருக்கும் மாஸ் முதலிடம், காமெடி அடுத்தது. சப்டைட்டில் படிக்கவா தியேட்டருக்கு வர்றது என்பதால் த்ரில்லர் கடைசி. காட்பாடி மூணு பேருக்கு த்ரில்லர், அப்புறம் காமெடி, மாஸ் கடைசி. குடியாத்தம் ரெண்டு பேருக்குக் காமெடி, அப்புறம் த்ரில்லர், மாஸ் கடைசி.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் மாஸ் 4, த்ரில்லர் 3, காமெடி 2. மாஸ் ஜெயித்துவிட்டது. ஆனால் ஒன்பது பேரில் ஐந்து பேர் கடைசியில் வைத்த படம் அது. ஐந்து பேர் இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போய் இருபது நிமிஷம் கழித்து வருவார்கள்.

விவரம் தெரிந்தவர் ஒருத்தர் "ரேங்க் போட்டு எண்ணலாம்பா" என்பார். எல்லாரும் 1, 2, 3 என்று வரிசை எழுத வேண்டும். முதலிடம் குறைவாக வாங்கின படத்தை வெட்டிவிட்டு, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்த வகைதான். 1969இல் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராமல், அடுத்த விருப்ப ஓட்டுகளையும் எண்ணித்தான் வி.வி.கிரி ஜெயித்ததாக அறிவித்தார்கள். நல்ல முறைதான், ஆனால் படத்துக்குச் சரிப்படாது. நம் கணக்கில் முதலிடம் குறைந்தது காமெடி, வெறும் 2. அதை வெட்டினால் குடியாத்தம் ரெண்டு சீட்டும் த்ரில்லருக்குப் போகும். த்ரில்லர் 5, மாஸ் 4. இப்போது த்ரில்லர் ஜெயித்தது, சத்துவாச்சாரி முகம் தொங்கிப்போனது.

இதில் வெட்டுப்பட்ட காமெடியைக் கொஞ்சம் பாருங்கள். காமெடியா மாஸா என்று நேருக்கு நேர் கேட்டால் ஐந்துக்கு நாலு என்று காமெடி ஜெயிக்கும். காமெடியா த்ரில்லரா என்றால் ஆறுக்கு மூணு. ரெண்டு படத்தையும் தனித்தனியாக ஜெயிக்கிற படம், ஒருத்தர்கூடக் கடைசியில் வைக்காத படம், முதல் சுற்றிலேயே வெளியே போய்விட்டது. எல்லாருக்கும் ரெண்டாவது விருப்பமாக இருக்கிற படத்துக்கு முதலிட ஓட்டு குறைவாகத்தான் விழும். முதலிடத்தை எண்ணும் எந்த முறையும் அதைத்தான் முதலில் தள்ளிவிடும்.

அதனால் எண்ணுகிற இடத்தை மாற்றுங்கள். சீட்டு அதே சீட்டுதான். எந்தப் படத்தை அதிகம் பேர் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதை வெட்டுங்கள். நம் ஒன்பது சீட்டில் மாஸுக்குக் கடைசி இடம் 5, த்ரில்லருக்கு 4, காமெடிக்கு 0. மாஸ் வெளியே. மிச்சம் ரெண்டு படம், சத்துவாச்சாரி நாலு பேரும் த்ரில்லரைவிடக் காமெடியை மேலே வைத்தவர்கள். காமெடி 6, த்ரில்லர் 3. முடிந்தது. யாருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம் இருக்காது, ஆனால் எழுந்து போகிற ஆளும் இருக்க மாட்டார். தேர்தல் என்றால் பிடித்தவரைத் தேடலாம். மூணு மணி நேரம் ஒரே வரிசையில் உட்கார வேண்டிய விஷயத்தில் பிடிக்காததைக் கழிப்பதுதான் வேலை.

செய்கிற விதம் சுலபம். ஒரு ஏ4 தாளை மூணு முறை மடித்துக் கிழித்தால் எட்டுத் துண்டு வரும். ஒன்பதாவது ஆளுக்கு டீக்கடை பில்லின் பின்பக்கம் போதும். படங்களின் பெயரை ஒரே வரிசையில் எல்லாத் துண்டிலும் எழுதிவிட்டு, பக்கத்தில் எண் மட்டும் போடச் சொல்லுங்கள். எல்லாப் படத்துக்கும் எண் போட்டே ஆக வேண்டும். ஒன்று மட்டும் போட்டு மிச்சத்தைக் காலியாக விட்டால் கடைசி எது என்றே தெரியாது, அந்தச் சீட்டு செல்லாது. மூணுக்கு மேல் படம் இருந்தால், ஒன்றை வெட்டியதும் மறுபடி எல்லாச் சீட்டையும் பார்த்து, மிச்சமிருப்பதில் எது கடைசி என்று புதிதாக எண்ண வேண்டும். பழைய எண்ணிக்கையை வைத்தே அடுத்ததை வெட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

நேரில் சேர முடியாதவர்கள் ஒரே ஆளுக்குத் தனி மெசேஜில் அனுப்பட்டும். குரூப்பில் போடக் கூடாது. முதல் மூணு பேர் ஒரே படத்தைச் சொன்னால் நாலாவது ஆள் "சரி, அதுவே" என்று விடுவார், இல்லையென்றால் வீம்புக்கு எதிராகப் போடுவார். வாட்ஸ்அப் போலில் ஒன்றுக்கு மேல் தேர்வு செய்ய அனுமதித்து, உட்காரக்கூடிய படம் எல்லாவற்றையும் டிக் பண்ணச் சொல்வதும் ஒரு வழிதான். எல்லாரும் ஒழுங்காக டிக் பண்ணினால் நம் செட்டில் காமெடிக்கு 9 விழும். ஆனால் எண்ணிக்கை கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கும். தன் படம் பின்தங்குவதைப் பார்த்தவர் மற்ற டிக்கையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார். ஒருத்தர் எடுத்தால் எல்லாரும் எடுப்பார்கள், மறுபடி ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

"அப்போ கடைசி இடத்துலயும் பொய்யா போடலாமே" என்று ஒருத்தர் கேட்பார். போடட்டும். காட்பாடி மூணு பேர் த்ரில்லரை ஜெயிக்கவைக்க, போட்டியாக இருக்கும் காமெடியை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறார்கள் என்று வைப்போம். த்ரில்லர், மாஸ், காமெடி என்று எழுதிவிட்டார்கள். இப்போது கடைசி இடம்: த்ரில்லர் 4, காமெடி 3, மாஸ் 2. வெட்டுப்படுவது அவர்கள் படமேதான். மிச்சமிருக்கும் ரெண்டில் அவர்கள் சீட்டு மாஸை மேலே காட்டுவதால் மாஸ் 7, காமெடி 2. வாயாலே கெட்டுதாம் தவளை. சத்துவாச்சாரி அதே வேலையைச் செய்தாலும் இதே கதிதான். மாஸ் 5 கடைசி இடத்தோடு எப்படியும் போகும், அப்புறம் த்ரில்லர் 7க்கு 2 என்று ஜெயிக்கும். அவர்களுக்கு ஆகவே ஆகாத படம். பொய் எப்போதும் இப்படித் திருப்பி அடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மற்றவர் சீட்டு தெரிந்தால் கணக்குப் போட்டு ஏமாற்றலாம். சீட்டை மடித்துப் போடச் சொல்வது அதற்குத்தான்.

இந்த முறைக்கு உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது, தீபாவளி பொங்கலுக்கு அது பெரிதாகத் தெரியும். ரெண்டு பெரிய ஹீரோ படமும் ஒரே நாளில் வருகிறது. பட்டியலில் ரெண்டையும் போட்டுவிட்டார்கள். சத்துவாச்சாரிக்கு ரெண்டு மாஸும் மேலே, அப்புறம் காமெடி, கடைசியில் த்ரில்லர். மாஸ் பிடிக்காத ஐந்து பேரின் கடைசி இடம் இப்போது பிரிந்துவிடும். காட்பாடி மூணு பேர் ஒரு மாஸைக் கடைசியில் வைக்கிறார்கள், குடியாத்தம் ரெண்டு பேர் இன்னொன்றை. கடைசி இடம்: த்ரில்லர் 4, ஒரு மாஸ் 3, இன்னொன்று 2. த்ரில்லர் காலி. அடுத்த சுற்றில் சத்துவாச்சாரிக்குக் கடைசி காமெடி. காமெடி 4, மாஸ்கள் 3, 2. காமெடியும் காலி. ஐந்து பேர் வேண்டாம் என்ற வகையில் ரெண்டு படம் மட்டும் மிச்சம். அதனால் பட்டியல் போடும்போதே ஒரு வகைக்கு ஒரு படம் என்று கறாராக இருங்கள். எந்த மாஸ் என்பதை மாஸ் கோஷ்டி தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு வரட்டும். கடைசி நேரத்தில் "இதையும் சேர்த்துக்கோ மச்சி, சும்மா" என்று ஒரு படத்தைச் சேர்க்கச் சொல்பவர் சும்மா சொல்லவில்லை.

பட்டியலுக்கு முன்னாலேயே கழிக்க வேண்டியவையும் உண்டு. ஏற்கெனவே ஒருத்தர் பார்த்துவிட்ட படம் வேண்டாம், அவர் வாயைக் கட்ட முடியாது. செகண்ட் ஷோவில் மட்டும் ஓடுகிற படம் குடியாத்தம்காரர்களுக்கு ஆகாது. அந்த நேரத்துக்குப் புது பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டு படம் நல்லா இருந்ததா என்று யோசிக்க யாருக்கும் மனசு வராது. இதெல்லாம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் விஷயமில்லை. ஓட்டுக்கு விட்டால் ஏழு பேர் சேர்ந்து ரெண்டு பேரை ரோட்டில் நிற்க வைப்பார்கள்.

அப்புறம் "எனக்கு எதுவா இருந்தாலும் ஓகே" ஆசாமி. அவரிடம் கட்டாயமாகச் சீட்டு வாங்குங்கள். "எது வேணும்" என்று கேட்டால் பதில் வராது, "இதுல எதுக்கு வரவே மாட்ட" என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார். அது போதும், அதைக் கடைசியில் போட்டு மிச்சத்தை அவர் இஷ்டத்துக்கு நிரப்பட்டும்.

ரெண்டு படத்துக்குக் கடைசி இடம் சமமாக வந்தால் முதலிடம் குறைவாக உள்ளதை வெட்டுங்கள். அதுவும் சமம் என்றால் மறுபடி ஓட்டெடுக்காதீர்கள், ரெண்டாவது தடவை எல்லாருக்கும் எல்லார் சீட்டும் தெரிந்துபோயிருக்கும். குலுக்கிப் போடுங்கள். உத்திரமேரூர் கல்வெட்டுக் காலத்திலேயே ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு டீக்கடைப் பையன் இருக்கான், ஹெல்மெட் இருக்கு.

முடிவு வந்த அந்த இடத்திலேயே டிக்கெட் புக் பண்ணி, ஆளுக்கு எவ்வளவு என்று குரூப்பில் போட்டுவிடுங்கள். ராத்திரி வரை விட்டால் ஒரே வரிசையில் ஒன்பது சீட் கிடைக்காது, "அப்போ வேற படம் பாக்கலாமா" என்று சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மெசேஜ் வரும்.