யார் யாரை அடித்தது?

போன வருஷம் என் மகள் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "அண்ணன் தம்பி அடி." யார் யாரை அடித்தது? சைகையில் கேட்டேன். கையாலேயே காற்றில் தம்பியை இடப்பக்கம் நிறுத்தினாள், அண்ணனை வலப்பக்கம். கை இடமிருந்து வலமாகப் போனது. சின்னவன்தான் அடித்திருக்கிறான். நடந்தது அவளுக்குத் தெளிவாகத் தெரியும். தமிழில் இல்லாமல் போனது 'ஐ' என்ற ஓர் உருபும் வினைச்சொல்லின் முடிவும்தான்.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. முதலில் சேர்த்த பள்ளியில் சைகையே கூடாது என்றார்கள், பழகினால் பேச்சு வராதாம். நான்கு வருஷம் உதட்டைப் பார்த்தே படித்தாள். படம், மடம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். பாடு, மாடு என்றாலும் அதே கதைதான். சொல்லின் கடைசியில் ஒட்டும் 'ஐ', 'க்கு' எல்லாம் அந்த வேகத்தில் கண்ணில் படவே படாது. கண்ணுக்கே வராத உருபை எப்படி எழுதுவாள்?

இப்போதைய பள்ளியில் ஆசிரியரும் காது கேளாதவர். சைகையில் 'அடி', 'கொடு', 'உதவு' போன்ற வினைகள் ஒருவரிடமிருந்து இன்னொருவரை நோக்கி நகரும். அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முதலில் சைகையில் சொல்வார். அப்புறம் அதே வாக்கியத்தைப் பலகையில் எழுதி, 'அடி' போய் முடிகிற ஆளின் பெயரில் 'ஐ'யைச் சிவப்பில் போடுவார். மறுபடி சைகை. 'கொடு' வந்தால் வாங்குகிறவர் பெயரில் 'க்கு'. இரண்டு வாரத்தில் "தம்பி அண்ணனை அடித்தான்" என்று எழுதினாள். அந்தப் பக்கத்தை அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எல்லாம் இப்படி வந்துவிடாது. "எனக்குப் பசிக்கிறது" என்பதில் எந்தக் கையும் எங்கேயும் போவதில்லை. இன்னும் "நான் பசி" என்றுதான் எழுதுகிறாள். 'ஐ' பழகியதும் "சோற்றைச் சாப்பிட்டேன்" என்று எல்லாவற்றிலும் ஒட்டினாள். எங்கே வேண்டாம் என்பது கதைகளை நிறையப் படித்தால்தான் பிடிபடும். அந்தக் கதையை முதலில் சைகையில் முழுசாகச் சொல்ல ஆள் வேண்டும்.

சில பள்ளிகளில் வாயால் பேசிக்கொண்டே சொல்லுக்கொரு சைகை காட்டி, அதையே சைகை மொழி என்கிறார்கள். அதில் இடம், திசை, முகபாவம் எல்லாம் உதிர்ந்துபோகும். 'அடி' யார் பக்கம் போனது என்பது அதில் இருக்காது. என் மகளுக்கு இலக்கணம் கிடைத்ததே அந்தத் திசையிலிருந்துதான்.

அதனால் பள்ளி தேடும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருங்கள். ஆசிரியர் சைகையில் ஒரு கதை சொல்லும்போது பிள்ளைகள் நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் சேருங்கள். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் இருந்தால் வேறு பள்ளி பாருங்கள்.