ஜொங், ஹன்: அகராதியில் நான் எழுதி அடித்த இரண்டு சொற்கள்

கொரிய மொழி படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் என் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் இருந்தன. ‘ஜொங் என்றால் அன்பு’ என்பது ஒன்று. ‘ஹன் என்றால் வன்மம்’ என்பது மற்றொன்று. பள்ளிக்கே போகாத ஒரு கொரியப் பாட்டி பேசியதை மொழிபெயர்க்கச் சொன்ன பயிற்சியில் இரண்டாவது வரி என் காலை வாரியது. பாட்டி சொன்ன வாக்கியத்தை நான், “படிக்காதது எனக்கு வன்மமாகிவிட்டது” என்று எழுதியிருந்தேன். எங்கள் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, “அப்படியானால் இந்தப் பாட்டி இப்போது யாரைப் பழிவாங்கக் கிளம்பியிருக்கிறார்?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று மாலையே அந்த வரியை அடித்துவிட்டு ‘துயரம்’ என்று எழுதினேன். சில வாரங்களில் அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு சொற்களையும் ‘மொழிபெயர்க்கவே முடியாதவை’ என்று சொல்லிப் புல்லரிப்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொரியர்கள் இவற்றைச் சந்தையிலும் சமையலறையிலும் சாதாரணமாகப் புழங்குகிறார்கள். படிப்பவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், பொருளைப் பெயர்ச்சொல்லுக்குள் தேடுவதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பொருளில் பெரும்பகுதி, இச்சொற்களோடு சேர்ந்து வரும் வினைகளில் இருக்கிறது.

ஜொங்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மீது ஜொங் உண்டாவதைச் சொல்லக் கொரியர்கள் பயன்படுத்தும் வினை ‘துல்தா’. (இதிலுள்ள ‘து’வை, நம் குற்றியலுகரத்தைப் போல, இதழ் குவிக்காமல் ஒலிக்க வேண்டும்.) உள்ளே வருதல், ஊறுதல் என்பது அதன் பொருள். துணியில் சாயம் ஏறுவதற்கும், இலையுதிர்காலத்தில் இலைகள் நிறம் மாறுவதற்கும், நோய் வருவதற்கும், தூக்கம் வருவதற்கும், விடலைப் பையனுக்குப் புத்தி வருவதற்கும் இதே வினைதான். இவற்றில் எதையும் நாம் முடிவெடுத்துச் செய்வதில்லை. நாள் போகப்போக அவை தாமாக நிகழ்கின்றன. ‘அன்பு’ என்று எழுதியதில் நான் தொலைத்தது இதைத்தான். அன்பு செய்யலாம், அன்பு காட்டலாம். சாயம் ஏறுவதைப் போல ஏறுகிற ஒன்று அந்தச் சொல்லில் இல்லை. ‘பழகிய பாசம்’ என்று நாம் சொல்வது அதைவிட நெருங்கி வருகிறது. ஆனாலும் பாசம் என்றதும் தாயும் பிள்ளையும் நினைவுக்கு வருகிறார்களே தவிர, பத்து வருடம் குடியிருந்த ஒழுகும் வாடகை வீடு நினைவுக்கு வருவதில்லை. கொரியருக்கு அந்த வீட்டின் மீதும் ஜொங் ஏறும்.

பிடிக்காதவர் மீதும் ஏறும் என்பதுதான் படிப்பவர்களை உண்மையில் திணறடிக்கிறது. ‘மியுன் ஜொங், கோவுன் ஜொங்’ என்று ஒரு வழக்கு உண்டு. முதலாவது வெறுப்பினூடே வந்த ஜொங். இரண்டாவது இனிமையினூடே வந்தது. முப்பது வருடம் சண்டை போட்டுக்கொண்டே குடும்பம் நடத்திய பெண் தன் கணவரைப் பற்றிப் பேசும்போது, இரண்டும் ஏறிவிட்டது என்பார். இதை “அவர் மேல் வெறுப்பும் அன்பும் உண்டு” என்று பெயர்த்தால், மனம் இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒருத்தியின் பேச்சாக மாறிவிடும். அவரோ பிளவைப் பற்றிப் பேசவில்லை. சண்டையும் சமாதானமும் சேர்ந்து ஒரே சாயமாக ஏறிவிட்டதைச் சொல்கிறார். “அடித்தும் பிடித்தும் இத்தனை வருடம் ஓடிவிட்டது, இனி அவரை விட்டுவிட முடியுமா?” என்று எழுதினால் அந்தக் குரல் ஓரளவு கேட்கிறது. அந்த வாக்கியத்தில் ஜொங்குக்கு நேரான சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏறியது ஒருநாள் இறங்கவும் செய்யும். அதற்கான வினைக்கு ‘விழுதல், கழன்று விழுதல்’ என்று பொருள். ஒரு நண்பர் உணவகத்தில் பரிமாறும் பையனை அற்பமாக நடத்துவதைப் பார்த்தவர், ‘ஜொங் பட்டென்று விழுந்துவிட்டது’ என்பார். ‘அன்பு விழுந்தது’ என்பது தமிழே அல்ல. ‘மனசு விட்டுப்போச்சு’ என்றால் நமக்குப் புரிகிறது. தின்பண்டத்தை ஒன்றே ஒன்றாகக் கொடுத்தால் ‘ஜொங் இல்லை’ என்று சொல்லி இன்னொன்றையும் கையில் திணிப்பார்கள். அங்கே ஜொங் ஏறக்குறைய நம் கொசுறில் வந்து நிற்கிறது.

இனி ஹன். இதற்கு இயல்பாக வரும் வினை ‘மெச்சிதா’. புல்லில் பனி திரள்வதற்கும், கண்ணில் நீர் துளிர்ப்பதற்கும், பூ காயாகத் திரள்வதற்கும் இவ்வினையே வரும். நீங்குவதற்கு ‘புல்தா’ என்பார்கள். முடிச்சை அவிழ்ப்பதும், கணக்குக்கு விடை காண்பதும், உடல் அசதி போக்குவதும் அதே வினைதான். ஆக, ஹன் என்பது போக வழியில்லாமல் உள்ளே திரண்டு இறுகிப்போன ஒன்று; ஒருநாள் அவிழக்கூடியதும்கூட. யார்மீது என்ற கேள்விக்கு அதில் விடை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

என் ‘வன்மம்’ முழுக்கத் தவறும் அல்ல. ஒரு பெண் ஹன்னை நெஞ்சில் ‘தரித்தால்’ கோடையின் நடுவிலும் உறைபனி விழும் என்று ஒரு கொரியப் பழமொழி உண்டு. அங்கே வன்மம் சரியாகப் பொருந்தும். வினை மாறியதால் பொருள் மாறியது. பேரனின் திருமணத்தைப் பார்த்த கிழவர், இனிச் செத்தாலும் ‘யொஹன்’, அதாவது எஞ்சிய ஹன், இல்லை என்பார். நம் ஊரில் அதையே “இனி எனக்கு ஒரு குறையும் இல்லை” என்பார்கள். விருந்தில் யொஹன் இல்லாமல் சாப்பிட்டேன் என்றால், ஆசை தீரச் சாப்பிட்டேன் என்று எழுதலாம். வன்மம், குறை, ஆசை என ஒரே சொல்லுக்குத் தமிழில் மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றும் தத்தம் இடத்தில் சரியானவை.

சீன எழுத்தை முன்பே அறிந்தவர்களுக்கு வேறொரு குழி இருக்கிறது. ஹன்னுக்குரிய அதே எழுத்து இன்றைய சீனத்தில் வெறுப்பையும், ஜப்பானியத்தில் மனக்கறுவலையும் குறிப்பதால், அவர்கள் துணிந்து தவறு செய்கிறார்கள். இன்னொரு சாரார், ஹன் என்பது கொரிய இனத்தின் ஆதித் துயரம் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், யானாகி முனெயோஷி என்ற ஜப்பானியக் கலை விமர்சகர் கொரியக் கலையின் அழகைத் துயரத்தின் அழகு என்று விவரித்தார். அது ஆள்பவரின் பார்வை என்று பிற்காலக் கொரிய அறிஞர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். அந்த விவாதம் முக்கியமானதுதான். ஆனால், அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனால், விருந்தில் வயிறார உண்டவரின் வாக்கியத்தைப் படிக்க முடியாது.

பாட்டியிடம் திரும்புகிறேன். தென் கொரியாவின் சில்கோக் மாவட்டத்தில், முதுமையில் எழுத்துக் கற்ற ஐந்து பாட்டிகளின் கையெழுத்தைக் கொண்டு 2020-இல் கணினி எழுத்துருக்களே வெளியிட்டார்கள். இத்தகைய பெண்களைப் பற்றிப் பேசும்போது ‘படிக்காத ஹன்’ என்ற தொடரும், எழுதக் கற்றதும் அது ‘அவிழ்ந்தது’ என்ற தொடரும் அடிக்கடி வரும். அவர்கள் யாரையும் பழிவாங்கவில்லை. தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். நான் சொதப்பிய வாக்கியத்தை இப்போது இப்படி எழுதுவேன்: “படிக்க முடியாமல் போச்சே என்பது நெஞ்சிலேயே கிடந்தது.”

என் வழி செல்லாத இடமும் உண்டு. ஓரியன் என்ற கொரிய நிறுவனத்தின் ‘சோக்கோ பை’ என்னும் சாக்லேட் தின்பண்டத்தின் உறையில் ஜொங்கைக் குறிக்கும் சீன எழுத்து, வினையோ வாக்கியமோ இல்லாமல், தனியாக அச்சாகியிருக்கும். கதாபாத்திரம் ஒன்று அந்த உறையைக் கையில் எடுத்து அந்த எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் காட்சிக்குத் தமிழ் எழுத வேண்டி வந்தபோது, அரை மணி நேரம் யோசித்துவிட்டு, ‘ஜொங்’ என்றே விட்டுவிட்டேன்.