வீடியோல 144, வீட்ல 44

அந்த லைவ் வீடியோவைப் பத்தி எதுவும் எழுத வேணாம்னுதான் இருந்தேன். எல்லாரும் பாத்துட்டீங்க, பாதிப் பேர் ஷேரும் பண்ணிட்டீங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை வாசல்ல நின்னுக்கிட்டு நம்ம வியாசர்பாடி தம்பி "டூப்ளிகேட் கிராஃபிக்ஸ் கார்டைத் தலையில கட்டிட்டாங்க"ன்னு கத்தினதும், கவுண்ட்டர்ல நின்ன பையன் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சதும். அதுக்குக் கீழ நான் போட்டது ஒரே வரி. "நீ பாத்த ரிவ்யூ வீடியோல அவர் வெச்சிருந்த செட்டிங்கும் ரெசல்யூஷனும் உன்னுதும் ஒண்ணான்னு பாத்தியாப்பா?"

அவ்ளோதான். அதுக்கு வந்த முதல் பதில், "கடைக்காரன்கிட்ட எவ்ளோ வாங்கின நைனா?" அதுக்குக் கீழ ஒரே சிரிப்புப் பொம்மைங்க.

சரி. சிரிச்சவங்களுக்காகவே பொறுமையா எழுதுறேன். ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பியோட அண்ணன் கேபினட்டையும் மானிட்டரையும் ஆட்டோல போட்டுக்கிட்டு என் வீட்டுக்கே வந்துட்டான். தம்பியும் கூட வந்தான், மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு. கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. கேம் சைபர்பங்க் 2077. இவன் பாத்த ரிவ்யூ வீடியோல சராசரி 144 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 144 ஃப்ரேம். இவன் வீட்ல 44. மூணுல ஒரு பங்குகூட இல்ல. கோவம் வரத்தான் செய்யும், அதை நான் இல்லன்னு சொல்லல.

மொதல்ல வீடியோவைப் போட்டு, செட்டிங் காட்டுற இடத்துல நிறுத்தினோம். அது வர்றதே கண்ணை மூடித் தொறக்குற நேரம்தான். 1080பி. கிராஃபிக்ஸ் ஹை. ரே ட்ரேஸிங் இல்ல. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி. ஃப்ரேம் ஜெனரேஷன் ஆன். இப்போ தம்பி மெஷினைத் தொறந்தா 1440பி, அல்ட்ரா, டிஎல்எஸ்எஸ் ஆஃப், ஃப்ரேம் ஜெனரேஷன் ஆஃப். "காசு குடுத்து வாங்கிருக்கேன், எதுக்குண்ணா கொறைச்சு வெக்கணும்?"னான். கேம் ஒண்ணு, கார்டு ஒண்ணு, மத்தது ஒண்ணுகூட ஒண்ணில்ல!

நான் கேட்டேன், "ரெசல்யூஷன் பாக்கலியாப்பா?" அவன் சொன்னான், "பாத்தேன்ண்ணா, வீடியோவை 1440லதான் வெச்சுப் பாத்தேன்." அதாவது வீடியோ பிளேயர்ல படம் எவ்ளோ தெளிவா ஓடணும்னு நாம வெக்கிற பல்சக்கரம் இருக்கே, அதை கேமோட ரெசல்யூஷன்னு நெனச்சிருக்கான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 1080ல ஓடின கேமைப் பதிவு பண்ணி 4கேல ஏத்தலாம். நீங்க அதை 360ல வெச்சும் பாக்கலாம். அவர் கார்டு என்ன வரைஞ்சுதோ அதான் கணக்கு. சிரிக்காதீங்க, இதைப் பல பேர் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். இதை ஒரு தடவை புரிஞ்சிக்கிட்டா அந்த 144 உங்களை ஏமாத்தாது. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டின்னா கார்டு முழுப் படத்தையும் வரையறதில்ல. அகலத்துல மூணுல ரெண்டு பங்கு, உயரத்துல மூணுல ரெண்டு பங்கு வரைஞ்சு, அப்புறம் அதைப் பெருசாக்கிக் காட்டும். 1920க்கு 1080ல குவாலிட்டி வெச்சா, உள்ள நிஜமா வரையறது 1280க்கு 720. பெருக்கிப் பாருங்க, 9,21,600 புள்ளி. தம்பி வெச்சிருந்தது 2560க்கு 1440, டிஎல்எஸ்எஸ் இல்லாம. அது 36,86,400 புள்ளி. சரியா நாலு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அவர் கார்டு வரையறதைப்போல நாலு மடங்கு வரையச் சொல்லிட்டு, டூப்ளிகேட்டுன்னு கத்தினா அந்தக் கார்டு என்ன பண்ணும்?

நாலு மடங்கு புள்ளின்னா வேகமும் நாலுல ஒண்ணா விழுமான்னா, இல்ல. எல்லா வேலையும் புள்ளிக் கணக்குல இல்ல, அதனால வீழ்ச்சி அதைவிடக் கம்மியாதான் இருக்கும். ஆனா விழும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல விடியக்காலைல காலியா போனவன் சொல்ற மைலேஜை, கன்டெய்னர் லாரி வரிசைல மாட்டினவன் எதிர்பார்த்தா எப்படி?

அந்தத் தம்பி கண்ணு முன்னாடியே ஒண்ணொண்ணா மாத்தினேன். ஒரு தடவைக்கு ஒண்ணுதான், எல்லாத்தையும் சேத்து மாத்தினா எது எவ்ளோ தூக்குதுன்னு தெரியாது. கேம் மெனுலயே வேகத்தைச் சோதிக்கற பெஞ்ச்மார்க் இருக்கு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் அதையே ஓட விட்டோம், ஏன்னா நீ ஒரு தெருவுல சுத்தி அவர் வேற தெருவுல சுத்தினா அதுவும் செல்லாது. அவன் வெச்சிருந்தபடி 44. ரெசல்யூஷனை மட்டும் 1080க்கு இறக்கினோம், 68. அல்ட்ராவை ஹை ஆக்கினோம், 82. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போட்டோம், 104. ஃப்ரேம் ஜெனரேஷனைப் போட்டோம், 138. வீடியோல 144. அந்த 6 வித்தியாசம் எங்கேர்ந்துன்னா, அவர் வெச்சிருந்தது பெரிய ப்ராசஸர், தம்பிது சாதாரண ஐ5. ரிவ்யூ பண்றவங்க வேணும்னேதான் பெரிய ப்ராசஸர் வெப்பாங்க, கார்டோட முழுத் தெறன் தெரியணும்னு. அது தப்பில்ல. அதை நீ கணக்குல வெச்சுக்கணும், அவ்ளோதான்.

கார்டு ஒரிஜினல். கார்டு நல்லாருக்கு. இதை நான் சொல்லல, 138 சொல்லுது.

அண்ணன்காரன் உடனே ஒண்ணு கேட்டான், நல்ல கேள்வி. "அப்போ இப்டியே விட்ருலாமா? 138 வருதே." அங்கதான் இன்னொரு குழி. ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டா, திரைல வர்றதுல பாதிதான் கேம் நிஜமா கணக்குப் போட்ட ஃப்ரேம். ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல கார்டே ஒண்ணைச் செஞ்சு சொருகுது. 138ல பாதி 69. அதைப் போடறதுக்கு முன்னாடி நிஜமாவே 104 வந்துச்சு, ஞாபகம் இருக்கட்டும். சொருகுற வேலைக்கும் கார்டோட சக்தி போகுது, அதனால நிஜ ஃப்ரேம் 104லேர்ந்து 69க்கு எறங்குது. பாக்கறதுக்கு வழவழன்னு இருக்கும், ஆனா மவுஸை ஆட்டினா கை ஒரு நொடித் துளி பின்னால போற மாதிரி இருக்கும். தனியா கதை ஆடுற கேமுக்குப் பரவால்ல. சுட்டுக்கிட்டு ஓடற போட்டி கேமுக்கு வேணாம். ஒரு வீடியோல எஃப்பிஎஸ் வழக்கத்துக்கு மீறி அதிகமா தெரிஞ்சா, நான் மொதல்ல தேடறது இந்த ஒரு வரியைத்தான்.

இப்போ என்னைத் திட்ட வர்றவங்களுக்கு.

"வாங்கறவனுக்கு இவ்ளோ தெரியணுமா?" தெரியணும். முப்பதாயிரம் குடுத்து வாங்கறான்ல? மேல பேச இஷ்டமில்ல.

"ரிவ்யூ பண்ணவர் செட்டிங் போட்டிருந்தாரே, அவர் மேல என்ன தப்பு?" நான் அவர் மேல தப்புன்னு எங்க சொன்னேன்? போட்டிருந்தாரு. கண்ணிமைக்கிற நேரம். முகப்புப் படத்துல 144ன்னு அம்மாம் பெரிய எழுத்து, பக்கத்துல வாயைப் பொளந்துக்கிட்டு அவர் மூஞ்சி. 1080பின்னு அதே சைஸ்ல எழுத இடமில்ல போலிருக்கு.

"எல்லாம் ஒண்ணா வெச்சும் கம்மியா வந்தா?" இதான் கேக்க வேண்டிய கேள்வி, இதை மட்டும் அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் கேக்கல. ஒண்ணா வெச்சும் வீடியோவைவிடப் பத்துல ஒரு பங்குக்கு மேல கொறைஞ்சா, ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேரைப் போட்டு, ஓடும்போது கார்டு எவ்ளோ சதவீதம் வேலை செய்யுதுன்னு பாருங்க. 97, 98ல நின்னா கார்டு முழுசா ஓடுது. அப்பவும் கம்மின்னா சூட்டைப் பாருங்க, கரன்ட்டு சரியா போகுதான்னு பாருங்க, கார்டுமேல சந்தேகப்படவும் செய்யுங்க. 60, 70ல நின்னா கார்டுக்கு வேலை வந்து சேரல. மொதல்ல வி-சிங்க் ஆன்ல இருக்கா, எஃப்பிஎஸ்ஸுக்கு ஏதாச்சும் வரம்பு வெச்சிருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா ப்ராசஸர், இல்ல ரேம். கொளத்தூர்ல ஒருத்தர் மெஷின் அப்டித்தான், ஒத்த ரேம் குச்சியைச் சொருகிக் குடுத்திருந்தாங்க. இன்னொரு குச்சி போட்டதும் சரியாச்சு. அங்க தப்பு அசெம்பிள் பண்ணவர் மேலதான், அதை அவர்கிட்டயே நேர்ல போய்ச் சொன்னேன். கடைக்காரங்களுக்கு வக்காலத்து வாங்கறவன் பண்ற வேலையா அது?

அந்த "எவ்ளோ வாங்கின"ங்கற வார்த்தை வலிக்குது, அதனாலதான் திரும்பத் திரும்ப அங்கயே போறேன். பழைய வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல நான் வேலை கத்துக்கிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க வந்து கேம் இழுக்குதுன்னு கத்துவானுங்க. ஓனர் அண்ணன் எந்திரிச்சு வந்து 1024க்கு 768ஐ 800க்கு 600 ஆக்கிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிருவாரு. கேம் பறக்கும். அந்த வயசுப் பசங்களுக்கே தெரியும், ரெசல்யூஷன் எறக்கினா வேகம் ஏறும்னு. அந்த அண்ணன்கிட்ட யாரும் "எவ்ளோ வாங்கின"ன்னு கேட்டதில்ல. அவருக்குப் பின்னால கலர் லைட்டும் இல்ல, முன்னால மைக்கும் இல்ல.

இப்போ லைட்டு இருந்தாத்தான் பேச்சு. நம்ம தெருவுலயே உக்காந்து, இந்தப் புழுதிக்கும் கடல் காத்துக்கும் நடுவுல மெஷின் தொடைச்சுக் குடுக்கிறவன் சொன்னா கமிஷன். எங்கயோ ஏசி ரூம்ல இருக்கிறவர் 144ன்னா அது வேதவாக்கு. அந்த கவுண்ட்டர் பையன் தண்டையார்பேட்டைப் பையன்யா. மாசச் சம்பளத்துக்கு நிக்கிறான். அவன் மூஞ்சி இப்போ எல்லார் போன்லயும் திருடன் மாதிரி சுத்துது. சோதிச்சுப் பாத்தது எல்லாம் தம்பியே கண்ணால பாத்தான், போகும்போது "தேங்க்ஸ்ண்ணா"ன்னான், ஆனா இதை எழுதுற வரைக்கும் அந்த வீடியோ அப்டியேதான் இருக்கு. எடுக்கச் சொன்னா, "நல்லா ரீச் ஆயிருக்குண்ணா"ங்கறான்.

கடைசியா அவன் மெஷினை 1440ல ஹை, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டின்னு வெச்சுக் குடுத்தேன், ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாம. 70க்குப் பக்கத்துல நிக்குது, அவன் மானிட்டர்ல படமும் தெளிவா இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடியே 1440ல டெஸ்ட் பண்ண ரிவ்யூவைத் தேடியிருந்தா இதையே அங்க பாத்திருப்பான்.

கார்டு வாங்கப் போறவங்க என்கிட்ட கேக்கலாம், காசு கெடையாது. உங்க மானிட்டர் ரெசல்யூஷன், ப்ராசஸர், எந்த கேம், மூணையும் சேத்து எழுதுங்க. "இந்தக் கார்டு எவ்ளோ எஃப்பிஎஸ் தரும் ப்ரோ"ன்னு மட்டும் வந்தா பதில் போட மாட்டேன்.