நடுவில் பச்சை இல்லை என்றால் புண் ஆறிவிட்டதா?

"நாயின் கருவிழிப் புண்ணில் ஃப்ளோரெசின் சாயம் விட்டுப் பார்த்தோம், ஓரத்தில் மட்டும் பச்சை, நடுவில் சாயமே ஒட்டவில்லை, அப்படியென்றால் நடுவே ஆறிவிட்டது."

தவறு, அதுவும் ஆபத்தான தவறு. கருவிழியின் மேல்தோல் இந்தச் சாயத்தை உள்ளே விடாது. அது உரிந்தால் அடியிலுள்ள ஸ்ட்ரோமா என்ற தடித்த அடுக்கு சாயத்தை உறிஞ்சிப் பச்சையாகும். ஆனால் ஸ்ட்ரோமாவும் முழுக்கக் கரைந்து அதற்கும் அடியிலுள்ள மெல்லிய படலமான டெஸ்மெட் வெளிப்பட்டால், அதில் சாயம் ஒட்டவே ஒட்டாது. ஒரு பக் நாயின் கண்ணில் பச்சை வளையமும் நடுவே கறுப்பாகத் தெளிந்த குழியும் தெரிகிறது என்று வையுங்கள்: அது டெஸ்மெட்டோசீல், கண் எப்போது வேண்டுமானாலும் ஓட்டையாகலாம். அன்றே கண் அறுவை செய்யும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், பெரும்பாலும் வெண்படலத் திசுவை வைத்துத் தைப்பார்கள். போகும் வழியில் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள், கண்ணை அழுத்தாதீர்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு கூடவே கூடாது.

மேலோட்டமான புண் சரியான மருந்தில் சுமார் ஒரு வாரத்தில் ஆறிவிடும். பாதி ஆழத்தைத் தாண்டினாலோ, ஓரம் கூழாகக் கரைந்தாலோ சாயம் எப்படித் தெரிந்தாலும் மேல்சிகிச்சைதான். ஆழத்தைச் சாயம் சொல்லாது, பக்கவாட்டில் மெல்லிய ஒளிக்கீற்று பாய்ச்சித்தான் பார்க்க வேண்டும்.