கையெழுத்து போட்டீர்களா என்பதுதான் கேள்வி

"அப்பா வாங்கின கடனை நான்தான் கட்டணும்னு வசூல்காரங்க ஆபீசுக்கே வந்து நிக்கறாங்க. அப்பா உயிரோடதான் இருக்கார். கட்டித்தான் ஆகணுமா?"

மகன் என்ற ஒரே காரணத்துக்காகக் கட்ட வேண்டியதில்லை. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்று பழைய இந்துச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அதிலும்கூட கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு வரைதான் கை வைக்கலாம், அவன் சம்பளத்தில் அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில், பிரிவு 6(4)-இன்படி, அந்த விதியே போய்விட்டது. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அதைக் காட்டி வழக்குப் போட முடியாது.

ஆனால் அப்பா சொன்னாரே என்று இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்து போட்டிருந்தால் கதை வேறு. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-இன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் பொதுவாகச் சரிசமம். அப்பா 5 லட்சம் வாங்கி 3 லட்சம் பாக்கி வைத்தால், வட்டியோடு அந்த முழுப் பாக்கியையும் நேராக உங்களிடமே கேட்கலாம். முதலில் அவரிடம் போ என்று நீங்கள் சொல்ல முடியாது. நினைவில்லை என்றால் உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வங்கிக் கடனுக்குப் பொறுப்பேற்றிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். வசூல்காரரிடம் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். உங்கள் கையெழுத்து இல்லையென்றால் அவர் குரல் அங்கேயே இறங்கிவிடும்.

பாவம் பார்த்து ஒன்றிரண்டு தவணை கட்டுவது உங்கள் இஷ்டம். "மீதியை நான் கட்டுகிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீடு அடமானத்தில் இருந்தால், நீங்கள் அதில் குடியிருக்கிறீர்கள் என்பதற்காக ஏலம் நிற்காது.