பத்திரத்தின் விலை இறங்குவது ஏன்?

"வட்டி நிலையானது என்கிறார்கள், பிறகு விலை மட்டும் ஏன் இறங்குகிறது?"

ஐயா, 10 ஆண்டுகளில் முதிர்வடையும் 7 சதவீத இந்திய அரசுப் பத்திரம் ஒன்று, 100 ரூபாய் முகமதிப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3.50 ரூபாய் தரும். இந்தத் தொகை கடைசிவரை மாறாது. சந்தையில் அதே காலத்துக்கான புதிய பத்திரங்கள் 8 சதவீதம் தரத் தொடங்கினால், பழையதை 100 ரூபாய்க்கு யாரும் வாங்க மாட்டார்கள், ஏறக்குறைய 93.20 ரூபாய்க்குக் கிடைத்தால்தான், வட்டியோடு முதிர்வில் கூடுதலாக வரும் 6.80 ரூபாயும் சேர்ந்து, வாங்குபவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீதம் கட்டுப்படியாகும். முதிர்வுக்கு ஓராண்டே மீதியிருந்தால், குறைந்த வட்டியைச் சகிக்க வேண்டியது இரண்டே தவணைகள் என்பதால், விலை 99 ரூபாய்க்குக் கீழே போகாது. ஆகவே, இடையில் விற்க நேரிடும் பணத்தை நீண்ட காலப் பத்திரத்தில் போட வேண்டாம் என்றே அக்கறையோடு சொல்வேன். முதிர்வு வரை காத்திருப்பவருக்கு 100 ரூபாய் முழுமையாகத் திரும்பும்.