பராமரிப்புக் கட்டண நிலுவைக்குக் கடிதம் எழுதும்போது

2024 நவம்பர் முதல் வாரத்தில், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்த நான்கு வீடுகளின் எண்களையும் தொகைகளையும் ஒரு தாளில் அச்சிட்டு லிஃப்ட் வாசலில் ஒட்டினோம். அதே பட்டியலைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்தோம். சென்னையில் 24 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர் என்பதால், அந்தத் தாளின் அடியில் என் கையெழுத்து இருந்தது. அன்று மாலை, முதல் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா, காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் லிஃப்டுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை அவர் வங்கிப் பாஸ்புத்தகத்துடன் என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, 19,950 ரூபாய் பாக்கின்னு போட்டிருக்கீங்க. ஜூலை மாசம் 8,550 ரூபாய் என் கணக்குல இருந்து போயிருக்கே, அது எங்கே போச்சு?” என்றார்.

பாஸ்புத்தகத்தின்படி ஜூலை 12 ஆம் தேதி அந்தப் பணம் சங்கத்தின் பெயருக்குப் போயிருந்தது. எங்கள் பேரேட்டைப் பிரித்துப் பார்த்தபோது, அதே தேதியில் அதே தொகை ‘அடையாளம் தெரியாத வரவு’ என்ற தலைப்பின் கீழ்க் கிடந்தது. வீடு மஸ்கட்டில் இருக்கும் மகனின் பெயரில் உள்ளது. பணம் போனதோ அம்மாவின் பெயர் முதலில் இருக்கும் கூட்டுக் கணக்கிலிருந்து. பரிமாற்றக் குறிப்பில் வீட்டு எண் இல்லை. அதனால் அந்தப் பணத்தை நாங்கள் எந்த வீட்டிலும் வரவு வைக்காமல் நான்கு மாதம் வைத்திருந்திருக்கிறோம். உண்மையில் அந்த வீட்டின் பாக்கி 11,400 ரூபாய்தான். ஜூலைக்குப் பிறகு மாதாமாதம் தானாகவே பணம் போகும்படி வங்கியில் பதிந்துவிட்டதாக மகன் நினைத்திருந்தார். அந்தப் பதிவு முழுமையாகவில்லை. பாக்கி இருந்தது உண்மை, ஆனால் நாங்கள் ஊரறிய ஒட்டிய தொகை பொய். அன்றே பட்டியலைக் கிழித்தெடுத்து, குழுவில் திருத்தம் போட்டு, அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

நிலுவைக் கடிதத்தைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு, அது அன்று பிறந்தது. பாக்கி வைத்திருப்பவரை வெட்கப்படவைத்து வசூலிப்பது கண்டிப்பு என்று பல சங்கங்களில் நினைக்கிறார்கள். அது கண்டிப்பே இல்லை. சரியான கணக்கு, தெளிவான கெடு, கெடு தவறினால் நிஜமாகவே நடக்கப்போகும் அடுத்த நடவடிக்கை, இவை மூன்றும் இருந்தால் போதும். பட்டியல் ஒட்டும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. கணக்கை ஒட்டும் முன் யாரும் சரிபார்ப்பதில்லை, தேதி எழுதுவதில்லை, அடுத்து என்ன என்பதை நிர்வாகக் குழுவே யோசித்திருப்பதில்லை. அதனால்தான் பழகிய பாக்கிக்காரர்கள் அந்தப் பட்டியலைக் கண்டு கொஞ்சமும் அசைவதில்லை. கூசிப்போகிறவர்கள் ஒரு மாதம் தவறிய நல்லவர்கள் மட்டுமே.

ஆகவே கடிதத்தை எழுதும் முன், வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, அடையாளம் தெரியாத வரவுகள் அனைத்துக்கும் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை இப்போது எங்கள் குழுவில் விதியாக்கியிருக்கிறோம். எங்கள் கட்டணம் சதுர அடிக்கு 3 ரூபாய் என்பதால், 950 சதுர அடி வீட்டுக்கு மாதம் 2,850 ரூபாய் வரும். வந்த தொகை இந்த எண்ணின் மடங்காக இருந்தால், எந்த அளவு வீடு, எத்தனை மாதம் என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். 8,550 என்பது மூன்று மாதம் என்பதை நான் ஜூலையிலேயே கவனித்திருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்கு நாங்கள் பிறகு அனுப்பிய கடிதத்தை, பெயரையும் எண்ணையும் நீக்கி, இங்கே அப்படியே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் வீட்டுக்கான மாதப் பராமரிப்புக் கட்டணம் 2,850 ரூபாய். 2024 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான 8,550 ரூபாய் ஜூலை 12 அன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதை உரிய காலத்தில் தங்கள் கணக்கில் வரவு வைக்கத் தவறியமைக்கு வருந்துகிறோம். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நான்கு மாதங்களுக்கு 11,400 ரூபாய் நிலுவையாக உள்ளது. பொதுக்குழு தீர்மானித்தபடி, தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் 400 ரூபாய். 31.10.2024 நிலவரப்படி மொத்தம் 11,800 ரூபாய். மாதவாரிக் கணக்கை இத்துடன் இணைத்துள்ளோம். இத்தொகையை 25.11.2024க்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். இக்கணக்கில் தங்களுக்கு மாறுபாடு இருந்தால், அதே தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பொருளாளரும் செயலாளரும் தங்களுடன் அமர்ந்து சரிபார்ப்போம். ஒரே முறையில் செலுத்த இயலாத சூழல் இருந்தால், நிலுவைத் தொகையைக் குறிப்பிட்டு, தவணை கோரும் கடிதத்தைக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறித்த தேதிக்குள் பணமோ பதிலோ வராத நிலையில், டிசம்பர் முதல் வாரத்தில் கூடும் நிர்வாகக் குழு, வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புவது குறித்து முடிவெடுக்கும்.”

இதில் சில வரிகளை ஏன் அப்படி எழுதினோம் என்று சொல்ல வேண்டும். தாமதக் கட்டணத்தை அசலோடு கலக்காமல் தனியாகக் காட்டியிருக்கிறோம், காரணம் அதை வசூலிக்கும் உரிமை துணைவிதியிலிருந்தோ பொதுக்குழுத் தீர்மானத்திலிருந்தோதான் வருகிறது. செயலாளர் கோபத்தில் ‘மாதம் 2 சதவீத வட்டி’ என்று தன்னிச்சையாக எழுதிச் சேர்த்துவிட்டால், உரிமையாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுத் தொகையையும் விவாதத்துக்கு இழுத்துவிடுவார். அதேபோல, ‘தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று எழுதவே கூடாது. தண்ணீரும் மின்சாரமும் வாழ்வின் அடிப்படைத் தேவைகள். அவற்றை நிறுத்தினால் நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்கப்போவது சங்கம்தான். செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டும் கடிதத்தை எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் புன்னகையோடு வாங்கி வைத்துக்கொள்வார்.

தவணை கோருபவரிடம் கையெழுத்திட்ட கடிதம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. பணம் வசூலிக்க வழக்குப் போடுவதற்கு, 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். அந்தக் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். நாம் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அந்தக் கணக்கு நின்றுவிடாது. பல சங்கங்களில் நான்கைந்து ஆண்டுப் பாக்கி என்று பேரேட்டில் பெரிய தொகை நிற்கும்; அதில் பழைய ஆண்டுகளுக்கான பகுதியை நீதிமன்றத்தில் கேட்க முடியாத நிலை வந்துவிட்டிருப்பது, வழக்கறிஞரைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். முகதாட்சண்யத்துக்காகத் தள்ளிப்போடுவது பாக்கிக்காரருக்கு மட்டுமே உதவுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பாதிப் பணம் வரும்போது அதை எந்த மாதத்தில் வரவு வைப்பது என்பது. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கட்டுபவர் இன்ன மாதத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அப்படித்தான் வைக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லாவிட்டால் வாங்குபவர் தீர்மானிக்கலாம். அதனால் ரசீதில் ‘2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு’ என்று மாதத்தின் பெயரை எழுதுகிறோம், பழைய மாதத்திலிருந்து தொடங்கி வரவு வைக்கிறோம். வெறுமனே ‘5,700 ரூபாய் பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதிய பழைய ரசீதுகளால் பட்ட அல்லல் கொஞ்சமல்ல.

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் தவறுகள் நடக்கின்றன. வாடகைக்கு இருப்பவர் மெயின்டனன்ஸ் பணத்தை வாடகையோடு சேர்த்து உரிமையாளரிடம் கொடுத்துவிட்டிருப்பார். உரிமையாளர் அதைச் சங்கத்துக்குச் செலுத்தியிருக்க மாட்டார். அப்போது செக்யூரிட்டியை அனுப்பி வாடகைதாரரின் கதவைத் தட்டுவது அநியாயம். சங்கத்தின் உறுப்பினர் உரிமையாளர், பொறுப்பும் அவருடையது. ஆகவே கடிதம் அவர் பெயருக்கு, அவர் கொடுத்துள்ள முகவரிக்கு, ஒப்புகையுடன் கூடிய தபாலில் போக வேண்டும். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு மின்னஞ்சல்தான் முதலில் சேரும், ஆனால் தபால் ரசீதுதான் பின்னாளில் பேசும்.

மற்ற மூன்று வீடுகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பூட்டியே கிடக்கும் ஒரு வீட்டின் உரிமையாளர், கணக்கைப் பார்த்த மூன்றாம் நாளே முழுத் தொகையையும் அனுப்பினார். அவருக்கு அதுவரை யாரும் மாதவாரிக் கணக்கு கொடுத்ததே இல்லையாம். தரைத்தளத்தில் இருப்பவர், தான் லிஃப்டைப் பயன்படுத்துவதில்லை என்று வாதிட்டார். பொதுவசதியைப் பயன்படுத்தாததால் கட்டணம் குறையாது என்ற துணைவிதியின் நகலைக் கொடுத்தோம்; முணுமுணுத்தபடி மூன்று தவணைகளுக்கு எழுதிக் கொடுத்துச் செலுத்தி முடித்தார். மேல்மாடி வீட்டுக்காரரின் வாதத்தில் மட்டும் உண்மை இருந்தது. மொட்டைமாடித் தளத்திலிருந்து அவருடைய படுக்கையறைக் கூரையில் நீர் கசிவதாக இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் எதுவும் செய்யவில்லை. பழுதுபார்க்காததற்காகக் கட்டணத்தை நிறுத்திவைக்க அவருக்கு உரிமை இல்லை என்பதுதான் என் கருத்து, ஏனெனில் அந்தக் கூரையைச் சரிசெய்வதற்கான பணமும் அதே கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அவருடைய புகாருக்குப் பதில் எழுதாமல் பணம் மட்டும் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதம் மரியாதையானது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது கடிதத்தில், நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு வேலைக்கு மதிப்பீடு வாங்கியிருப்பதையும், வேலை தொடங்கும் தேதியையும் முதல் பத்தியில் எழுதி, நிலுவையை அதற்கு அடுத்த பத்தியில் எழுதினோம். வேலை தொடங்கிய வாரத்தில் அவர் காசோலை கொடுத்தார்.

அந்த அம்மாவின் மகன் நவம்பர் 19 அன்று 11,800 ரூபாய் அனுப்பினார். பரிமாற்றக் குறிப்பில் வீட்டு எண்ணும் நான்கு மாதங்களின் பெயரும் இருந்தன. ரசீதை நான் மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பினேன். அச்சிட்ட பிரதி ஒன்றை உறையில் போட்டு, மூடி, அம்மாவின் கையில் கொடுத்தேன்.